பத்தரை மணி மாத்திரை: ஒரு ரிவராக்சபான் நிகழ்வு ஆய்வு

அவருக்கு வயது 72. அஞ்சல் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். ஒரு நாள் காலை ஏழு மணிக்குச் செய்தித்தாளைப் புரட்டிக்கொண்டிருந்தபோது வலது கையிலிருந்து தாள் நழுவியது. எடுக்கக் குனிந்தார், விரல்கள் பிடிக்கவில்லை. மனைவியைக் கூப்பிட்டார், வாய் குழறியது. மகன் ஆட்டோ பிடித்து மருத்துவமனைக்குக் கொண்டுவந்து சேர்ப்பதற்குள் பேச்சு திரும்பிவிட்டது, கையும் சரியாகிவிட்டது. மொத்தம் இருபது நிமிடம் இருந்திருக்கும். தலை ஸ்கேனில் ரத்தக்கசிவு இல்லை, புதிய அடைப்பின் தடமும் இல்லை. மூளைக்குப் போகும் ரத்தம் சிறிது நேரம் தடைப்பட்டுத் தானாகவே விலகிய தற்காலிகப் பக்கவாதம் என்று நரம்பியல் மருத்துவர் முடிவு செய்தார்.

அவருடைய இதயத் துடிப்பு ஒழுங்கற்றது. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்று கண்டறிந்து மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. இந்த நோயில் இதயத்தின் மேலறை சீராகச் சுருங்காமல் துடிதுடிப்பதால், அங்கே தேங்கும் ரத்தம் உறைந்து கட்டியாகி மூளைக்குப் போய்விடக்கூடும். அதைத் தடுக்கத்தான் கடந்த பதினான்கு மாதங்களாக அவர் ரிவராக்சபான் 20 மி.கி. மாத்திரை சாப்பிட்டு வந்தார். அதனால் மனைவி கேட்ட கேள்வியில் நியாயம் இருந்தது: "ஒரு நாள் விடாமல் மாத்திரை கொடுத்தேனே சார், பிறகு எப்படி வந்தது?"

வார்டு மருந்தாளுநர் என்ற முறையில் அந்தக் கேள்விக்கு விடை தேடுவது என் வேலை. இப்படி ஒருவர் வந்தால் முதலில் பார்ப்பது, மாத்திரை உண்மையிலேயே உள்ளே போனதா என்பதை. மருமகள் காலி அட்டைகளையும் கடை ரசீதுகளையும் கொண்டுவந்தார். மாதம் முப்பது வாங்கியிருந்தார்கள். மீதம் இருந்த மாத்திரைகளை எண்ணினால் நாள் கணக்கு சரியாக இருந்தது. அடுத்து அளவு. ரிவராக்சபானில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மாறாமல் சிறுநீரகம் வழியாக வெளியேறுகிறது, ஆகவே சிறுநீரகத்தின் வேகத்தைக் கணக்கிட்டே அளவைத் தீர்மானிக்க வேண்டும். 140-இலிருந்து வயதைக் கழித்தால் 68. அதை அவருடைய எடையான 64 கிலோவால் பெருக்கி, ரத்தத்திலுள்ள கழிவுப்பொருளான கிரியாட்டினின் 1.0 என்பதால் சூத்திரத்தின் 72-ஆல் வகுத்தால், நிமிடத்திற்கு 60 மி.லி. சுற்றி வருகிறது. 50-க்கு மேல் இருந்தால் 20 மி.கி., அதற்குக் கீழே என்றால் 15 மி.கி. எனவே அளவு சரி.

இந்த மருந்தை உடலிலிருந்து சீக்கிரம் விரட்டும் வேறு மருந்துகள் இருந்தனவா? காசநோய்க்கான ரிஃபாம்பிசின், வலிப்புக்கான ஃபெனிடாயின், கார்பமசெபின் ஆகியவை ரிவராக்சபானின் அளவை ரத்தத்தில் வெகுவாகக் குறைத்துவிடும். ரிஃபாம்பிசின் மட்டுமே பாதி அளவுக்குக் குறைக்கும். அவர் இவற்றில் எதையும் சாப்பிடவில்லை. இதய எக்கோவில் மைட்ரல் வால்வு சுருக்கம் இல்லை. இதை நாங்கள் குறிப்பாகப் பார்ப்பதற்குக் காரணம் உண்டு. நம் நாட்டில் ருமாட்டிக் காய்ச்சலால் வால்வு சுருங்கியவர்கள் ஏராளம். அவர்களுக்கு ரிவராக்சபானைவிடப் பழைய உறைவுத் தடுப்பு மருந்துகளான வார்ஃபரின் வகையே நல்லது என்று 2022-இல் வெளியான இன்விக்டஸ் ஆய்வு தெளிவாகக் காட்டியது.

இதற்கிடையில் மகன் ஒரு ரத்தப் பரிசோதனைத் தாளை நீட்டினார். ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். எண் 1.1 என்றிருந்தது. "அப்பாவுக்கு ரத்தம் மெலியவே இல்லையே?" என்றார். அவருடைய உறவினர் ஒருவர் வார்ஃபரின் சாப்பிடுகிறவர், அவருக்கு 2-க்கும் 3-க்கும் இடையே இருக்க வேண்டும் என்று கேட்டுத் தெரிந்துவைத்திருந்தார். அந்த எண் வார்ஃபரினுக்கு உரியது. ரிவராக்சபான் வேலை செய்கிறதா என்று ஐ.என்.ஆர். சொல்லாது. நன்றாக வேலை செய்யும்போதும் அது ஏறக்குறைய இயல்பாகவே காட்டலாம். அந்தத் தாளை வைத்து எந்தப் பக்கமும் முடிவு கட்ட வேண்டாம் என்று அவரிடம் சொன்னேன்.

பிறகு பெரியவரின் கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"ஐயா, இந்த மாத்திரையை எப்போது போட்டுக்கொள்கிறீர்கள்?"

"ராத்திரிதான். சாப்பாட்டுக்குப் பிறகு. சீட்டில் அப்படித்தானே எழுதியிருக்கிறது?"

சீட்டில் அப்படித்தான் எழுதியிருந்தது. 0-0-1, சாப்பாட்டிற்குப் பின். எங்கள் மருத்துவமனையே எழுதிக் கொடுத்த சீட்டு. அவர் சொன்ன பதிலில் பிழையே இல்லை. பல ஆண்டுகளுக்கு முன்பு நானாக இருந்தால், 'சரியாகச் சாப்பிடுகிறார்' என்று குறித்துவிட்டு எழுந்து போயிருப்பேன். இப்போது அப்படிச் செய்வதில்லை. முந்தைய நாள் எழுந்தது முதல் படுத்தது வரை, எத்தனை மணிக்கு என்ன சாப்பிட்டார் என்று கேட்டேன்.

காலை ஆறு மணிக்குக் காபி. எட்டரைக்கு நான்கு இட்லி. ஒன்றரைக்கு முழுச் சாப்பாடு, அதாவது சாம்பார், ரசம், கூட்டு, மோர் எல்லாம். நாலு மணிக்கு மறுபடி காபி. ஏழேகாலுக்கு இரண்டு இட்லி, அல்லது ஒரு கிண்ணம் கஞ்சி. சர்க்கரை இருப்பதால் இரவில் வயிறு நிறையச் சாப்பிடக் கூடாது என்று வைத்திருந்தார். பிறகு தொலைக்காட்சியில் செய்திகள். பத்தரை மணிக்குப் படுக்கப் போகுமுன், மாத்திரைப் பெட்டியில் 'இரவு' என்று எழுதிய அறையைத் திறந்து, கொழுப்புக்கான அடோர்வாஸ்டாட்டினோடு ரிவராக்சபானையும் ஒரே வாயாகத் தண்ணீரில் விழுங்குவார். சாப்பாட்டிற்கும் மாத்திரைக்கும் இடையே மூன்றே கால் மணி நேரம். இரண்டு இட்லியும் கஞ்சியும் அதற்குள் வயிற்றைவிட்டுப் போய்ச் சேர்ந்திருக்கும்.

ஏகாதசி நாட்களில்? அன்று இரவு ஒன்றும் சாப்பிடுவதில்லை, ஒரு டம்ளர் பால் மட்டும். மாத்திரையை மட்டும் விடுவதில்லை. அதைச் சொல்லும்போது அவர் மனைவியின் குரலில் ஒரு நிம்மதி இருந்தது.

பதினான்கு மாதமாக அந்த மாத்திரை வெறும் வயிற்றிலேயே போயிருக்கிறது. இது ஏன் பொருட்டாகிறது என்பதற்கு மருந்தின் குணத்தைப் பார்க்க வேண்டும். ரிவராக்சபான் நீரில் கரையவே கரையாது என்று சொல்லலாம். கரைந்துவிட்டால் குடல் சுவரைத் தாண்டுவதில் அதற்குச் சிரமம் இல்லை. எல்லாத் தடையும் கரைவதில்தான். வயிறு காலியாக இருந்தால், விழுங்கிய மாத்திரை ஒரு மடக்குத் தண்ணீரோடு விரைவில் வயிற்றைக் கடந்துவிடுகிறது. உணவு இருந்தால் வயிறு மெதுவாகக் காலியாகிறது, பித்தநீர் சுரந்து கலக்கிறது, மருந்துத் துகள் கரைய நேரமும் ஊடகமும் கிடைக்கின்றன. குடலின் மேற்பகுதியில்தான் இம்மருந்து நன்றாக உறிஞ்சப்படும். அதைத் தாண்டிக் கீழே போகப் போக உறிஞ்சப்படுவது குறைந்துகொண்டே வரும். கரையாமல் கடந்துபோன பகுதி பெரும்பாலும் கழிவோடு போய்விடுகிறது.

இது அளவைப் பொறுத்தும் மாறும். 10 மி.கி. மாத்திரை என்றால், கரைய வேண்டியது கொஞ்சம்தான் என்பதால், உணவு இருந்தாலும் இல்லாவிட்டாலும் 80 முதல் 100 சதவீதம் வரை உடலில் சேர்கிறது. மூட்டு மாற்று அறுவைக்குப் பிறகு 10 மி.கி. சாப்பிடுகிறவர்களுக்கும், இதயக் குழாய் நோய்க்காக 2.5 மி.கி. இருவேளை சாப்பிடுகிறவர்களுக்கும் உணவுக் கட்டுப்பாடு சொல்வதில்லை. 20 மி.கி. வந்தால் கதை வேறு. வெறும் வயிற்றில் அதில் சராசரியாக 66 சதவீதமே சேர்கிறது. உணவோடு சாப்பிடும்போது ரத்தத்தில் சேரும் மொத்த அளவு 39 சதவீதம் கூடுகிறது, உச்ச அளவு 76 சதவீதம் கூடுகிறது. ஒரே மாத்திரைதான், ஒரே மனிதர்தான். மேலும் வெறும் வயிற்றில் சாப்பிட்டால் ஆளுக்கு ஆள் வேறுபாடு அதிகம். உணவு அந்த வேறுபாட்டையும் குறைக்கிறது. நம்பத்தக்க அளவு என்று மருத்துவர்கள் சொல்வது இதைத்தான்.

பெரியவருக்கு இதைக் காகிதத்தில் போட்டுக் காட்டினேன். 20-இல் 66 சதவீதம் என்றால் 13 மி.கி. சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்குக் கொடுக்கும் 15 மி.கி. மாத்திரையை உணவோடு சாப்பிட்டால் கிடைப்பதைவிட இது குறைவு. அவருக்கோ சிறுநீரகம் நன்றாக இருந்ததால், அந்தக் குறைந்த மருந்தும் உடலிலிருந்து சீக்கிரமாக வெளியேறும். இது சராசரிக் கணக்கு, அவருடைய உடலில் நடந்ததை அளந்து சொன்னதல்ல என்பதையும் சேர்த்தே சொன்னேன்.

அப்படியானால் அளந்து பார்த்திருக்கலாமே என்று கேட்கலாம். ரத்தத்தில் ரிவராக்சபான் எவ்வளவு இருக்கிறது என்று காட்ட, அதற்கென்றே அளவு திருத்திய காரணி பத்து-ஏ எதிர்ப்புப் பரிசோதனை இருக்கிறது, சில பெரிய ஆய்வகங்களில் கிடைக்கும். ஆனால் அவருக்கு உச்ச அளவை அறிய, மாத்திரை போட்ட இரண்டு முதல் நான்கு மணி நேரத்தில், அதாவது நள்ளிரவுக்குப் பிறகு ரத்தம் எடுத்திருக்க வேண்டும். அதைவிட முக்கியமான தடை ஒன்று உண்டு. காலில் ரத்தக்கட்டிக்காக 20 மி.கி. சாப்பிட்ட நோயாளிகளில், பத்தில் ஒன்பது பேருக்கு உச்ச நேரத்து அளவு லிட்டருக்கு 22 மைக்ரோகிராமிலிருந்து 535 வரை இருந்திருக்கிறது. சராசரி 215 சுற்றி. இத்தனை அகன்ற வரம்பில் ஒரு மனிதரிடம் ஒரு முறை எடுத்த எண், 'இதனால்தான் பக்கவாதம் வந்தது' என்று சொல்ல உதவாது. ஆகவே நாங்கள் அளக்கவில்லை. மாத்திரை சரியான நேரத்தில் உணவோடு போயிருந்தாலும் இந்தத் தாக்குதல் வந்திருக்கலாம். எந்த உறைவுத் தடுப்பு மருந்தும் முழுக் காப்பு தராது. நாங்கள் கண்டது காரணத்தின் நிரூபணம் அல்ல. உடனே திருத்த முடிந்த ஒரு பிழை, அவ்வளவுதான். அதுவே எங்களுக்குப் போதுமானதாக இருந்தது.

திருத்துவதற்கு மூன்று வழிகள் இருந்தன. ஒன்று, இதே வகையைச் சேர்ந்த அபிக்சபான் என்ற மருந்துக்கு மாற்றுவது. அதற்கு உணவு தேவையில்லை, ஆனால் நாளுக்கு இருமுறை சாப்பிட வேண்டும். உணவு நேரம் நிச்சயமில்லாதவர்களுக்கு, வயிறு சரியில்லாமல் அடிக்கடிச் சாப்பிடாமல் இருப்பவர்களுக்கு நான் முதலில் பரிந்துரைப்பது அதைத்தான். இரண்டாவது, மாத்திரையை மதியச் சாப்பாட்டிற்கு மாற்றுவது. நம் வீடுகளில் பெரும்பாலும் பெரிய சாப்பாடு மதியம்தான் என்பதால் இது மிக இயல்பான யோசனை. ஐரோப்பிய மருந்துக் குறிப்பு உணவோடு என்று மட்டுமே சொல்கிறது. அமெரிக்கக் குறிப்புதான் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனுக்கு மாலை உணவோடு என்கிறது. 2011-இல் வெளிவந்த ராக்கெட் ஏ.எஃப். ஆய்வில் பதினான்காயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகள் கலந்துகொண்டார்கள், ரிவராக்சபான் பெற்றவர்கள் மாலை உணவோடுதான் அதைச் சாப்பிட்டார்கள். அந்த ஆய்வில் கண்ட பலன்கள் அப்படிச் சாப்பிட்டபோது கிடைத்தவை. மேலை நாடுகளில் நாளின் முதன்மை உணவு மாலையில் வருகிறது என்பதையும் நினைவில் வைத்துத்தான் அந்த வாசகத்தைப் படிக்க வேண்டும்.

மூன்றாவது வழி, இரவு உணவையே கொஞ்சம் கனமாக்கி மாத்திரையை அதோடு சேர்ப்பது. இதயநோய் மருத்துவர் இதையே தேர்ந்தெடுத்தார். பெரியவர் வாரத்தில் இரண்டு மூன்று நாட்கள் மதியம் வெளியே இருப்பவர், கோயில் கமிட்டி, ஓய்வூதியர் சங்கம் என்று. இரவில் மட்டும் குடும்பம் முழுதும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும். மருமகள் பரிமாறும்போது மாத்திரையையும் வைத்துவிடலாம்.

சாப்பாடு என்றால் எவ்வளவு? மருந்தின் குறிப்பு இத்தனை கலோரி என்று எண் கொடுப்பதில்லை. ஆய்வுகளில் கொழுப்பு மிகுந்த பெரிய உணவையும் மாவுச்சத்து மிகுந்த உணவையும் கொடுத்துப் பார்த்தபோது பலன் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. எனவே நெய்யும் எண்ணெயும் கூட்ட வேண்டிய தேவையில்லை, சர்க்கரை நோயாளியைப் பயமுறுத்தவும் வேண்டியதில்லை. ஒரு டம்ளர் பாலையோ இரண்டு பிஸ்கட்டையோ நான் சாப்பாடாகக் கணக்கில் எடுப்பதில்லை. உணவியல் நிபுணரோடு பேசி, மதியச் சோற்றில் ஒரு கரண்டி குறைத்து, இரவில் மூன்று இட்லியோ இரண்டு சப்பாத்தியோ, கூடவே பருப்புச் சேர்ந்த சாம்பார் அல்லது கூட்டு என்று அமைத்தோம். நாள் முழுதுக்குமான அளவு கூடவில்லை, இடம்தான் மாறியது.

ஏகாதசிக்கு விடை அவர் மனைவியிடமிருந்தே வந்தது. "அரிசிச் சாதம்தானே கூடாது? இவருடைய அம்மா இருந்தவரை ராத்திரிக்கு ரவை உப்புமா பலகாரம் உண்டே. இவராகத்தான் பிறகு அதையும் விட்டார்." பெரியவர் சற்று யோசித்துத் தலையாட்டினார். விரதமும் கெடவில்லை, மாத்திரைக்கு உணவும் கிடைத்தது. இப்படி இடம் கொடுக்காத விரதங்களும் உண்டு. அவற்றுக்கு முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டுவிட வேண்டும். தானாக மாத்திரையை நிறுத்துவதுதான் எல்லாவற்றிலும் மோசம். திடீரென நிறுத்தினால் பக்கவாத அபாயம் உயரும். உணவு அமையாத ஓர் இரவில் வெறும் வயிற்றில் போவது பாதிக்கு மேல் மருந்தாவது தரும். போடாமல் விட்டால் ஒன்றுமே இல்லை.

மாற்றத்தை அன்று மாலையே தொடங்கினோம். கடைசி மாத்திரை முந்தைய இரவு பத்தரைக்கு. ஸ்கேனில் ரத்தக்கசிவு இல்லை என்பது உறுதியான பிறகு, மருத்துவர் சொன்னபடி, அடுத்ததை மாலை ஏழரைக்கு வார்டுச் சாப்பாட்டின் நடுவில் கொடுத்தோம். இடைவெளி இருபத்தொரு மணி நேரம், அதில் தவறில்லை. சாப்பாட்டில் மறந்துபோய்ப் பிறகு நினைவு வந்தால் அன்றைக்குள் ஏதாவது உணவோடு போட்டுக்கொள்ளலாம், மறுநாள் இரண்டாகச் சேர்த்துப் போடக் கூடாது என்று எழுதிக் கொடுத்தோம்.

பெரும்பாலான சீட்டுகளில் இந்த இடத்தோடு வேலை முடிந்துவிடும். எனக்கு இன்னொரு கவலை இருந்தது. மருந்து இனிமேல் முன்பைவிட அதிகமாக உடலில் சேரப்போகிறது. இதுவரை ரத்தக்கசிவு இல்லாமல் சமாளித்தது குறைந்த அளவினால்தானோ? மருமகளின் பையிலிருந்த கடை ரசீதுகளில் டைக்ளோஃபெனாக் இருந்தது. முழங்கால் வலிக்கு வாரத்தில் மூன்று நான்கு நாட்கள் போட்டுக்கொள்வாராம், சீட்டு இல்லாமலே கடையில் வாங்கி. "ஒன்றும் செய்யவில்லையே சார்" என்றார். ரிவராக்சபானோடு அந்த வகை வலி மாத்திரை சேர்ந்தால் வயிற்றில் ரத்தம் கசியும் வாய்ப்பு உயர்கிறது. நல்ல உறிஞ்சலைக் கொடுத்துவிட்டு வலி மாத்திரையைக் கண்டுகொள்ளாமல் விட்டிருந்தால், ஒரு பிழையைத் திருத்தி இன்னொரு பிழையை உருவாக்கியிருப்போம். டைக்ளோஃபெனாக்கை நிறுத்தி, வலி இருக்கும் நாளில் பாரசெட்டமால், காலுக்கு இயன்முறைப் பயிற்சி என்று மாற்றினார்கள். கருப்பாக, தார் போல மலம் போனாலும், சிறுநீர் சிவந்தாலும், தலையில் அடிபட்டாலும் காத்திருக்காமல் வர வேண்டும் என்பதை மகனிடமும் தனியாகச் சொன்னோம். வீடு திரும்புமுன் ஹீமோகுளோபின் 12.9.

வெளியேறும் சீட்டில் 0-0-1 என்று எழுதாமல் ஒரு முழு வரி எழுதினேன்: இரவுச் சாப்பாட்டின் நடுவில், ஏழரை மணிக்கு, படுக்கும்போது அல்ல. மாத்திரைப் பெட்டியின் 'இரவு' அறையிலிருந்து ரிவராக்சபானை எடுத்துத் தனியாக ஒரு சிறு டப்பாவில் போட்டு, சாப்பாட்டு மேசையில் ஊறுகாய் ஜாடிக்குப் பக்கத்தில் வைக்கச் சொன்னேன். அடோர்வாஸ்டாட்டின் பத்தரை மணிக்கே இருக்கலாம், அதற்கு உணவு ஒரு பொருட்டல்ல. ஒரே அறையில் சேர்த்து வைத்த இரண்டு மாத்திரைகளை அப்படிப் பிரித்ததுதான் இந்த வீட்டில் நடந்த உண்மையான மாற்றம்.

இரண்டு வாரம் கழித்துத் தொலைபேசியில் கூப்பிட்டேன். ஒரு நாள் மட்டும் ஒன்பதரைக்குப் போட்டாராம், பேரனின் பள்ளி விழாவுக்குப் போய்த் திரும்பி, வீட்டில் சாப்பிட்டபோது. பல் தேய்க்கும்போது ஈறில் இரண்டு முறை லேசான ரத்தம், கழுவியதும் நின்றுவிட்டது. மென்மையான தூரிகை வாங்கச் சொன்னேன். மூன்று மாதத்தில் ஹீமோகுளோபின் 12.8, சிறுநீரகக் கணக்கு முன்பு போலவே. புதிய தாக்குதல் இல்லை, மூன்று மாதத்தை வைத்து எதையும் உறுதியாகச் சொல்லவும் முடியாது. உறவினர் வீட்டுக் கல்யாணத்துக்கு இரவு போகும்போது பந்தி எத்தனை மணிக்கு என்று தெரியாது என்பதால், மாத்திரையை அட்டையோடு வெட்டிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனதாகச் சொன்னார். பந்தியில் இலை போட்ட பிறகுதான் எடுத்தாராம்.